ரிட்டர்ன் லேபிளும் இடம் மாறிய அடைப்புக்குறியும்

சென்னைக்கு வெளியே உள்ள ஒரு சரக்குக் கிடங்கில், கன்வேயரில் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் அச்சிட்டுத் தரும் சிறிய நிரல் ஒன்று ஓடுகிறது. சி மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல், டெபியன் 11 நிறுவிய ஒரு சாதாரணக் கணினியில், தனி ஒரு த்ரெட்டில் இயங்குவது. பெட்டியின் குறியீடு நெட்வொர்க் வழியாக ஒரு வரியாக வந்து சேரும். நிரல் அதை நகல் எடுத்து வரிசையில் வைக்கும். தெர்மல் பிரிண்டர் தயாரானதும் வரிசையின் முதலில் நிற்பதை அச்சிட்டுவிட்டு அதற்கான நினைவகத்தை விடுவிக்கும். இதைத் தவிர அந்த நிரலுக்கு வேறு வேலை கிடையாது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமலேயே ஓடிக்கொண்டிருந்த அது, ஒரு கட்டத்திலிருந்து இரவு நேரங்களில் மட்டும் திடீர் திடீரென நிற்கத் தொடங்கியது.

நின்றால் சில நொடிகளில் `systemd` அதை மீண்டும் எழுப்பிவிடும் என்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. கிடங்கில் நிற்பவர்களுக்கு அப்படி இல்லை. வரிசையில் காத்திருந்த லேபிள்கள் எல்லாம் நிரலோடு சேர்ந்து போய்விடும். பெட்டிகள் லேபிள் இல்லாமலேயே அடுத்த வளைவைத் தாண்டிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கீழிறக்கி, பில்லைப் பார்த்து, கையால் எண் தட்டி மறுபடி அனுப்ப வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் டெவலப்பர் நான்தான் என்பதால், கிடங்கு மேற்பார்வையாளரின் அழைப்பு என் கைப்பேசிக்குத்தான் வரும். "தம்பி, மறுபடியும் லேபிள் நின்னுடுச்சு. பெட்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு" என்பார். அந்தக் குரலில் கோபம் இருக்காது, அசதிதான் இருக்கும். வாரக்கணக்கில் அதைக் கேட்ட பிறகு, மறுதொடக்கம் செய்துவிட்டோம் என்று பதில் சொல்வதே எனக்குச் சங்கடமாகிவிட்டது.

எங்களை மிகவும் குழப்பியது, நிரல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக விழுந்ததுதான். பதிவேட்டில் மாறி மாறிக் கிடைத்தவை இவை:

```
munmap_chunk(): invalid pointer
free(): invalid size
Main process exited, code=killed, status=6/ABRT
Main process exited, code=killed, status=11/SEGV
```

ஒரு நிரல் ஒரே இடத்தில் ஒரே காரணம் சொல்லி விழுந்தால், அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம். இங்கே சில முறை சி மொழியின் அடிப்படை நூலகமான `glibc` தானே தவறைக் கண்டுபிடித்து நிரலை நிறுத்தியது; சில முறை எந்தச் செய்தியும் இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தது. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் இருக்கின்றன என்றே பகல் குழு நம்பியது. நிரலின் மூலக் குறியீட்டில் அண்மையில் எந்த மாற்றமும் இல்லை என்பது அந்த நம்பிக்கைக்கு இன்னும் வலுச் சேர்த்தது. கணினியின் ராமைச் சந்தேகித்து `memtest86+` ஓட்டினார்கள். ஒரு பிழையும் இல்லை. யுபிஎஸ் மாற்றப்பட்டது. இரவில் நடக்கும் பேக்கப் வேலை விடியற்காலைக்குத் தள்ளப்பட்டது. எதிலும் பலனில்லை. விரிவான பதிவை இயக்கியபோது மட்டும் கோளாறு அப்படியே அடங்கிவிட்டது. அணைத்ததும் திரும்பி வந்தது. எனக்கு முதல் உருப்படியான தடயம் இதுதான். ராம் பழுதாக இருந்தால், கூடுதலாகச் சில வரிகள் எழுதுவதால் அது குணமாகாது. பதிவு எழுதும் பகுதி சிறு சிறு துண்டுகளாக நினைவகம் கேட்டு வாங்குவதால், ஹீப்பில் எது எதற்குப் பக்கத்தில் அமர்கிறது என்பது மாறிவிடுகிறது. பக்கத்தில் அமர்வது யார் என்பதைப் பொறுத்துக் கோளாறு தோன்றியும் மறைந்தும் வருமானால், எங்கோ ஒன்று தனக்குத் தரப்பட்ட இடத்தைத் தாண்டி எழுதுகிறது என்றே கொள்ள வேண்டும்.

இரவில் மட்டும் ஏன் என்ற கேள்வியைக் கணினியிடம் கேட்பதைவிடக் கிடங்கில் கேட்பது நல்லது என்று தோன்றியது. பகலில் நடக்காமல் இரவில் மட்டும் நடப்பது என்ன என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "ரிட்டர்ன் வண்டி எல்லாம் ஒரு மணிக்கு மேலதான் வரும் தம்பி. திரும்பி வந்த சரக்கு மொத்தத்துக்கும் ராத்திரிதான் லேபிள் போடுவோம். இப்ப காரணம் வேற சேர்த்து அடிக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். காரணம் என்பது, பொருள் ஏன் திரும்பி வந்தது என்பதைக் குறிக்கும் இரண்டு இலக்க எண். உடைந்ததற்கு ஓர் எண், முகவரி தவறென்றால் இன்னோர் எண் என்று, குறியீட்டை அனுப்பும் அமைப்பு அதைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. எங்கள் நிரலில் மாற்றம் இல்லை என்பது உண்மை. அதற்குள் வரும் சரம் மாறியிருந்தது.

```
MAA-OUT-20240611-048216
MAA-RTN07-20240611-048217
```

மேலே இருப்பது சாதாரண லேபிள், 23 எழுத்து. கீழே இருப்பது காரண எண்ணோடு கூடிய ரிட்டர்ன் லேபிள், 25 எழுத்து. இரண்டு எழுத்து கூடியதற்கும் நிரல் விழுவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது ஓர் ஊகம்தான் இருந்தது. அதை நிறுவ, நிரல் விழுந்த நொடியில் அதன் நினைவகம் இருந்த நிலையை அப்படியே சேமித்து வைக்கும் கோர் டம்ப் வேண்டும். அன்றிரவு கணினியில் `systemd-coredump` பொதியை நிறுவிவிட்டு, நிரல் விழக் காத்திருந்தேன். வழக்கம்போல் ரிட்டர்ன் சரக்கு இறங்கும் நேரத்தில் விழுந்தது.

`coredumpctl gdb` கொடுத்துத் திறந்ததும், `free` என்ற அழைப்புக்குள் `munmap_chunk` வழியாக நிரல் நின்றிருப்பது தெரிந்தது. அழைத்த இடம், அச்சிட்டு முடித்த ஒரு வேலையின் பதிவை விடுவிக்கும் வரி. அந்த வரியில் எந்தக் குறையும் இல்லை; சரியான பாயின்டரைத்தான் விடுவிக்கிறது, ஒரு முறைதான் விடுவிக்கிறது. ஹீப் சிதைந்த வழக்குகளில் இப்படித்தான் இருக்கும். விழுந்த இடத்தில் குற்றவாளி இருப்பதில்லை. ஆகவே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதை விட்டுவிட்டு, பாயின்டருக்கு முன்னால் உள்ள 16 பைட்டுகளைப் பார்த்தேன்.

```
(gdb) x/2gx (char *)job - 16
0x55d3a81c46b0: 0x31323834302d3131 0x0000000000000037
```

இங்கே `glibc` நினைவகத்தை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டின் அளவை எழுதிய பலகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். `malloc` தரும் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட்டில் அப்படி ஓர் அளவுப் பலகை இருக்கிறது. `free` அழைக்கப்படும்போது, நூலகம் அந்தப் பலகையைப் படித்துத்தான் துண்டு எவ்வளவு பெரியது, எங்கே திருப்பி வைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. 64 பிட் கணினியில் துண்டுகளின் அளவு எப்போதும் 16-இன் மடங்கு. அதனால் கடைசி நான்கு பிட்டுகள் அளவுக்குத் தேவைப்படுவதில்லை. அவற்றில் மூன்றை `glibc` கொடிகளாகப் பயன்படுத்துகிறது. முதல் பிட், முந்தைய துண்டு பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. இரண்டாவது பிட், இந்தத் துண்டு `mmap` வழியாக நேரடியாக வாங்கப்பட்டது என்கிறது. மூன்றாவது பிட், இது முதன்மை ஹீப்பைச் சேர்ந்ததல்ல என்கிறது.

நான் பார்த்த வேலைப் பதிவு 24 பைட் அளவுள்ளது. அதன் பலகையில் `0x21` என்று இருக்க வேண்டும்: 32 பைட் அளவு, கூடவே முதல் கொடி. இருந்ததோ `0x37`. இதை அளவாகப் பார்த்தால் பொருளில்லை. ஆனால் ஆஸ்கி அட்டவணையில் `0x37` என்பது '7' என்ற இலக்கம். அதற்கு முன்னால் உள்ள எண்ணும் `0x31`, `0x32`, `0x38` என்று முழுக்க எழுத்துகளாகவே இருந்தது. எண்ணாகப் பார்ப்பதை விட்டு, அதே முகவரியைச் சரமாகப் படிக்கச் சொன்னேன். பிறகு 16 பைட் பின்னால் போய் மறுபடி படிக்கச் சொன்னேன்.

```
(gdb) x/s 0x55d3a81c46b0
0x55d3a81c46b0: "11-048217"
(gdb) x/s 0x55d3a81c46a0
0x55d3a81c46a0: "MAA-RTN07-20240611-048217"
```

ஒரு ரிட்டர்ன் லேபிளின் கடைசி இலக்கம், அடுத்த துண்டின் அளவுப் பலகை மேல் எழுதப்பட்டிருந்தது. இத்தனை வாரமாக வெவ்வேறு கோளாறுகள் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் இந்த ஒரே எழுத்தின் வேலையாக இருக்கக்கூடும் என்று அப்போதுதான் பிடிபட்டது. ஏனெனில், பலகையில் எந்த இலக்கம் விழுகிறதோ, அதைப் பொறுத்து `free` வெவ்வேறு பாதையில் போகும். தாளை எடுத்துப் பத்து இலக்கங்களுக்கும் பிட்டுகளை எழுதிப் பார்த்தேன்.

'2', '3', '6', '7' ஆகிய நான்கிலும் இரண்டாவது பிட் ஒன்றாக இருக்கிறது. ஆகவே நூலகம் அந்தத் துண்டை `mmap` வழியாக வந்ததென்று நம்பி, இயங்குதளத்திடம் திருப்பித் தர முயன்று, முகவரி பக்க எல்லையில் இல்லாததைக் கண்டு `munmap_chunk(): invalid pointer` என்று நிறுத்துகிறது. '4', '5' இரண்டிலும் இரண்டாவது பிட் இல்லை, மூன்றாவது பிட் இருக்கிறது. துண்டு வேறு ஹீப்பைச் சேர்ந்தது என்று எண்ணி, அந்த ஹீப்பின் தலைப்பைத் தேடி, முகவரியை 64 எம்பி எல்லைக்குக் கீழிறக்கி அங்கே படிக்கப் போகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் நினைவகமே இருக்காது. செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது. '8', '9' இரண்டிலும் நான்காவது பிட் நிற்பதால் அளவு 16-இன் மடங்காக இல்லை, `free(): invalid size` வருகிறது. பதிவேட்டில் விழுந்த நேரங்களையும், அந்தந்த நேரத்தில் வரிசையில் இருந்த ரிட்டர்ன் லேபிள்களையும் அனுப்பும் அமைப்பின் பதிவோடு ஒப்பிட்டேன். இலக்கமும் செய்தியும் பொருந்தி வந்தன.

மிஞ்சியவை '0', '1'. இவை `0x30`, `0x31`. அளவு 48 என்று சொல்லும் ஒழுங்கான பலகைகள். `free` எந்த ஐயமும் கொள்ளாமல் 32 பைட் துண்டை 48 பைட் துண்டுகளின் பட்டியலில் வைத்துவிடும். இதை அப்போதைக்கு ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டேன். இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது என்பது பிறகு தெரிந்தது.

இனி எழுதியது யார் என்று மட்டும் பார்க்க வேண்டும். லேபிள் குறியீட்டை நகல் எடுக்கும் இடம் நிரலில் ஒன்றுதான்.

```c
job->code = malloc(strlen(code + 1));
strcpy(job->code, code);
```

சரத்தின் நீளத்தோடு, இறுதியில் வரும் சுழி பைட்டுக்காக ஒன்றைக் கூட்ட வேண்டும். எழுதியவர் நினைத்ததும் அதுதான். ஆனால் மூடும் அடைப்புக்குறி `code`-க்குப் பின்னால் விழாமல் ஒன்றுக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. அதனால் கூட்டல், நீளத்தில் நடக்காமல் பாயின்டரில் நடக்கிறது. சரத்தின் இரண்டாவது எழுத்திலிருந்து நீளம் அளக்கப்பட்டு, ஒன்று கூடுவதற்குப் பதிலாக ஒன்று குறைகிறது. 25 எழுத்துக்கு 26 பைட் கேட்க வேண்டிய வரி, 24 பைட் கேட்கிறது. `strcpy` 26 பைட்டையும் எழுதுகிறது. கண்ணுக்குப் பழகிப்போன வரி என்பதால், மேலோட்டமாகப் படித்தால் சரியாகவே தெரியும். கம்பைலரைப் பொறுத்தவரை இது முற்றிலும் இலக்கணப்படியான சி. எங்கள் பில்டில் `-Wall` இருந்தும் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை.

இவ்வளவு காலம் இது ஏன் வெளிப்படவில்லை என்பதற்கு விடை `glibc` அளவுகளை முழுமையாக்கும் முறையில் இருக்கிறது. பலகையின் 8 பைட்டையும் சேர்த்து 16-இன் மடங்காக உயர்த்துவதால், பயனருக்கு உண்மையில் கிடைக்கும் இடம் 24, 40, 56 என்றுதான் போகும். 23 எழுத்து லேபிளுக்கு நிரல் 22 பைட் கேட்டது, 24 கிடைத்தது, சுழியோடு சேர்த்து 24 எழுதியது. விளிம்பைத் தொட்டு நின்றது. நீளம் 24 ஆனால் சுழி பைட் பலகை மேல் விழும். 25 ஆனால் கடைசி எழுத்தே விழும். 26 ஆனால் கேட்கும் அளவு 25 ஆகி 40 பைட் கிடைப்பதால் மறுபடியும் ஆபத்தில்லை. பிறகு 40, 41-இல் மீண்டும் அதே கதை. இரண்டு இலக்கக் காரண எண், சரத்தை மிகச் சரியாக அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. மூன்று இலக்கமாக இருந்திருந்தால் நிரல் இன்றும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். பிழையும் உள்ளேயே இருந்திருக்கும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. ஒவ்வொரு ரிட்டர்ன் லேபிளும் பலகையை அழிக்கிறதென்றால், ஒவ்வொன்றிலும் நிரல் விழ வேண்டும் அல்லவா? எத்தனையோ ரிட்டர்ன் லேபிள்கள் ஒழுங்காக அச்சாகியிருந்தன. இதற்கு விடை தெரியாமல் திருத்தத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பாதி விளங்கிய பிழையைத் திருத்தினால், நின்றது அந்தப் பிழையா வேறொன்றா என்று பிறகு சொல்ல முடியாது.

வேலைப் பதிவும் குறியீட்டு நகலும் ஒரே 32 பைட் வகையைச் சேர்ந்தவை. விடுவிக்கப்பட்ட சிறு துண்டுகளை `glibc` ஒரு பட்டியலில் வைத்து, கடைசியாக வந்ததை முதலில் எடுத்துத் தருகிறது. லேபிள் ஒவ்வொன்றாக வந்து உடனே அச்சாகும்போது அதே இரண்டு துண்டுகளே திரும்பத் திரும்பப் பயன்படும். அவற்றுக்கு அப்பால் இருப்பது பெரும்பாலும் யாரும் விடுவிக்கக் கேட்காத இடம் என்பதால், அங்குள்ள பலகை கெட்டாலும் யாரும் படிப்பதில்லை. பிரிண்டரில் ரோல் மாற்றும்போது கதை மாறுகிறது. வரிசையில் மூன்று லேபிள் சேர்கிறது. புதிய துண்டுகள் முன்னோக்கி வரிசையாக வாங்கப்படுகின்றன. பிறகு அவை அச்சாகி, விடுவிக்கப்பட்டுப் பட்டியலுக்குப் போகின்றன. அடுத்த முறை வரிசை சேரும்போது பட்டியல் அவற்றைத் தலைகீழாகத் தருகிறது. முதலில் வந்த லேபிளுக்கு நினைவகத்தின் கடைசித் துண்டுகள் கிடைக்கின்றன. அடுத்து வந்த லேபிளுக்கு அதற்கு முந்தையவை. ஆகவே இரண்டாவது லேபிளின் நகல், முதல் லேபிளின் வேலைப் பதிவுக்கு நேர் முன்னால் உட்காருகிறது. அந்த இரண்டாவது லேபிள் ரிட்டர்னாக இருந்தால், அதன் கடைசி இலக்கம் முதல் லேபிளின் பலகை மேல் விழுகிறது. முதல் லேபிள் அச்சாகி முடிந்து விடுவிக்கப்படும் நொடியில் நிரல் விழுகிறது. கோர் டம்ப்பில் குற்றவாளிச் சரம் கலையாமல் அப்படியே கிடைத்ததற்கும் இதுவே காரணம்: அது இன்னும் வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்தது.

இது உண்மையா என்று பார்க்க, சோதனைக் கணினியில் பிரிண்டருக்குப் பதிலாக ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்து, அதை நிறுத்தி, மூன்று லேபிள் அனுப்பி, ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி, இரண்டாவது மட்டும் ரிட்டர்னாக இருக்கும்படி இன்னும் மூன்று அனுப்பினேன். ஓடவிட்டதும் நிரல் விழுந்தது. கடைசி இலக்கத்தை மாற்றி மாற்றி அனுப்பியபோது, தாளில் எழுதியிருந்த செய்திகள் அப்படியே வந்தன. விருப்பப்பட்ட நேரத்தில் விருப்பப்பட்ட விதத்தில் விழ வைக்க முடிகிற பிழைக்கு அதற்குமேல் மர்மம் ஏதுமில்லை.

பிறகு `-g -fsanitize=address` சேர்த்து நிரலைக் கம்பைல் செய்து ஓட்டினேன். அட்ரஸ் சானிடைசர் `glibc`-யின் முழுமையாக்கலைப் பொருட்படுத்துவதில்லை. கேட்ட அளவுக்கு ஒரு பைட் தாண்டினாலும் பிடித்துவிடும். அதனால் ரிட்டர்ன் லேபிள் வரும்வரை அது காத்திருக்கவில்லை. முதலில் அனுப்பிய சாதாரண 23 எழுத்து லேபிளிலேயே நிறுத்தியது.

```
ERROR: AddressSanitizer: heap-buffer-overflow
WRITE of size 24
... 0 bytes to the right of 22-byte region
```

22 பைட் இடத்தில் 24 பைட் எழுதப்படுகிறது என்று, எந்தக் கோப்பில் எந்த வரியில் என்பதோடு சொல்லிவிட்டது. ஹீப் சிதைவு என்ற ஐயம் எழுந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்வதுதான் முறை என்பது என் கருத்து. நிரல் மாறவில்லை என்ற காரணத்தால் நிரலையே யாரும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சானிடைசர் பில்டை உற்பத்திக் கணினியில் ஓட்டத் தேவையே இல்லை; இந்த வகைப் பிழைக்குச் சோதனைக் கணினியில் ஒரே ஒரு லேபிள் போதும். இருந்தாலும் அது தனியாகச் சொல்லியிருக்கக் கூடியது, இங்கே ஒரு வழிதல் இருக்கிறது என்பது மட்டும். இரவில் மட்டும் ஏன், வெவ்வேறு செய்தி ஏன், எந்த லேபிள்கள் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதற்கெல்லாம் கோர் டம்ப்பைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

திருத்தம் அடைப்புக்குறியை நகர்த்துவது மட்டுமே:

```c
job->code = malloc(strlen(code) + 1);
```

விடிந்ததும் இதைப் பரிசீலித்த பகல் குழுவின் மூத்த டெவலப்பர், "இந்த ரெண்டு வரியையும் எடுத்துட்டு `strdup` போட்டுடலாமே" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. கணக்கு போடும் இடமே இல்லாவிட்டால் கணக்கு தவறவும் வழியில்லை. போசிக்ஸில் நெடுங்காலமாக இருக்கும் `strdup`, சி23-இல் மொழித் தரத்திலேயே சேர்ந்துவிட்டது. எனவே முதலில் அடைப்புக்குறித் திருத்தத்தைத் தனி கமிட்டாக ஏற்றி, அதன் விளக்கத்தில் கோர் டம்ப் கண்டுபிடிப்பை எழுதிவிட்டு, அடுத்த கமிட்டில் `strdup`-க்கு மாற்றினோம். இரண்டையும் கலந்திருந்தால், எது எதற்காக என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அதே தவறு வேறெங்கும் இருக்கிறதா என்றும் தேடினோம்.

```
grep -rnE 'strlen *\([^()]*\+ *1 *\)' src/
```

கிடங்கு வாயிலின் பெயரை நகலெடுக்கும் இன்னோர் இடத்தில் இதே வரி கிடைத்தது. பெயர்கள் எல்லாம் 12 எழுத்துக்குள் அடங்குவதாலும், `glibc` எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் 24 பைட்டுக்குக் குறைந்து தருவதில்லை என்பதாலும், அது ஒருநாளும் விழ வைத்திருக்காது. இருந்தும் திருத்தினோம்; ஏனெனில், எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வந்தால் அந்த வரி சரத்தின் எல்லையைத் தாண்டிப் படிக்கத் தொடங்கும், அந்த ஆபத்து நீளத்தைப் பொறுத்ததல்ல. `clang-tidy` கருவியில் `bugprone-misplaced-operator-in-strlen-in-alloc` என்ற பெயரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. இத்தகைய வரியைக் கண்டு, திருத்தத்தையும் தானே முன்வைக்கிறது. தனியாக ஒரு சோதனை எழுதும் அளவுக்கு இந்தத் தவறு பலரிடமும் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் பில்டில் அதைச் சேர்த்தோம். பழைய கோப்புகளில் ஓட்டியபோது அந்த இரண்டு இடங்களையுமே காட்டியது.

திருத்திய நிரல் ஏறிய பிறகு, ரோல் மாற்றும் நேரத்தில் ரிட்டர்ன் லேபிள்கள் வரிசையில் நின்றும் நிரல் விழவில்லை. வேலை அத்தோடு முடியவில்லை. '0', '1' பற்றிய குறிப்பு பாக்கி இருந்தது. அந்த இலக்கங்களில் முடிந்த ரிட்டர்ன் லேபிள்கள் நிரலை விழ வைக்காமல், 24 பைட் மட்டுமே கொள்ளும் துண்டை 40 பைட் கொள்ளும் துண்டாகப் பட்டியலில் சேர்த்திருக்கும். பிரிண்டருக்கான கட்டளை வரியை உருவாக்கும் பகுதி 32 பைட் கேட்கும்போது அந்தத் துண்டு அதற்குக் கிடைக்கும். அது 24 பைட்டைத் தாண்டி எழுதுவது, பக்கத்துத் துண்டின் பலகை மேல் விழும். அந்தப் பலகையில் இருப்பது பிரிண்டர் கட்டளையின் எழுத்துகள் என்பதால், அடுத்து அதை விடுவிப்பது எப்படி முடியும் என்பது அந்த எழுத்துகளைப் பொறுத்தது: சில முறை நெடுநேரம் கழித்துத் தொடர்பே இல்லாத இடத்தில் விழும், சில முறை விழாமலேயே, ஒரே இடத்தை இரு லேபிள்கள் பகிர்ந்துகொண்டு எழுத்து சிதைந்து அச்சாகும். சில லேபிள்களை ஸ்கேனர் ஏற்கவில்லை என்று கிடங்கிலிருந்து முன்பே வந்திருந்த புகாரை, பிரிண்டர் தலையில் தூசி என்று எழுதி மூடியிருந்தார்கள். அதை மறுபடி திறக்கச் சொன்னேன்.

காரண எண் சேர்ந்த நாளிலிருந்து, '0' அல்லது '1'-இல் முடியும் ரிட்டர்ன் லேபிள் வரிசையில் நின்ற நேரங்களையும், அந்த நேரத்திலிருந்து நிரல் அடுத்து மறுதொடக்கம் ஆகும் வரை அச்சான எல்லா லேபிள்களையும் அனுப்பும் அமைப்பின் பதிவிலிருந்து பட்டியலாக எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். அவற்றில் இன்னும் கிடங்கிலேயே இருந்த பெட்டிகளுக்கு அன்றிரவே புதிய லேபிள் ஒட்டினார்கள். வெளியே போய்விட்டவற்றின் எண்களைக் கணக்குப் பிரிவு ரசீதுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.